`Hi` என்று மட்டும் வந்தால் அது யார்? ஒரு நோயாளிகள் விடுதியின் வாட்ஸ்அப் எண்ணில் நடந்த நிகழ்வின் ஆய்வு

பின்னணி

அடையாறு பக்கம் புற்றுநோய் சிகிச்சைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக ஒரு சிறிய அறக்கட்டளை தங்கும் விடுதி நடத்துகிறது. நோயாளியும் கூட ஒரு துணையும் தங்கலாம், தாங்களே சமைத்துக்கொள்ளலாம். வருகிறவர்களில் தமிழ்நாட்டு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் ஒரு பகுதிதான். மேற்கு வங்கம், ஒடிசா, வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று தூரத்திலிருந்து வருகிறவர்கள் அதிகம்.

விடுதியைத் தொடர்புகொள்ள ஒரே ஒரு போன். அதில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. மூன்று தன்னார்வலர்கள் முறை வைத்து அந்தப் போனைப் பார்த்துக்கொள்கிறார்கள்: வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், குடும்பத் தலைவி ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர். விடுதியின் பதிவேடுகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. இதே மாதிரி பொது எண் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

தடுக்கும் வழக்கம் வந்த விதம்

2023 மே மாதம் இந்தியா முழுக்க வாட்ஸ்அப்பில் வெளிநாட்டு எண்களிலிருந்து அழைப்புகளும் செய்திகளும் குவிந்தன. +84, +62, +60, +251 என்று தொடங்கும் எண்கள். வியட்நாம், இந்தோனேசியா, மலேசியா, எத்தியோப்பியா. எடுத்தால் சத்தமே இருக்காது, அல்லது வீடியோ பார்த்து லைக் போட்டால் காசு என்ற பகுதிநேர வேலை அழைப்பு வரும். விடுதியின் எண் நோட்டீஸிலும் சுவரிலும் இருக்கிற எண். அதனால் எங்களுக்கும் நிறைய வந்தது. `Hi`, `Hello dear`, `Is this Anita?` என்று விதவிதமான தொடக்கங்கள். உடன் ஒரு பெண்ணின் படம்.

அடுத்த மாதம் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புகளை ஒலிக்காமல் செய்யும் வசதியை வாட்ஸ்அப் கொண்டுவந்தது. எங்களுக்கு அது பயன்படவில்லை, ஏனென்றால் விடுதியை அழைக்கிற எல்லாருமே தெரியாத எண்தான்.

அப்போது தன்னார்வலர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். இந்திய எண்ணாக இல்லாமல் வெறும் வணக்கம் மட்டும் வந்தால் உடனே பிளாக். இந்திய எண்ணாக இருந்து, வணக்கத்தோடு நின்றுவிட்டால் மறுநாள் பிளாக். ஒரே வாசகம் இரண்டு மூன்று எண்களிலிருந்து வந்தால் அதுவும் பிளாக். பிளாக் செய்யும்போது உரையாடலையும் சேர்த்து அழித்துவிடுவார்கள். ஒரு நாளில் பத்து தடவை போனை எடுத்து வெறும் குப்பையைப் பார்க்கிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள். அதில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆகஸ்டில் நடந்தது

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் வங்கதேசத்திலிருந்து வந்த ஒருவர் விடுதி வாசலில் நின்றார். கூட அவருடைய அம்மா, ஒரு சக்கரப் பெட்டி, எக்ஸ்ரே உறை. கொல்கத்தா வழியாக ரயிலில் சென்ட்ரல் வந்து, இரண்டு இரவு லாட்ஜில் தங்கியிருக்கிறார்கள். கையில் இருந்த பணத்தில் கணிசமான பகுதி அங்கேயே போய்விட்டது. அன்றைக்கு விடுதியில் இடம் இருந்தது. அவர்கள் வந்து இறங்கிய இரவும் இருந்தது.

"மெசேஜ் போட்டேன், பதிலே வரலை" என்று இந்தியில் சொல்லி அவர் தன் போனை நீட்டினார். திரையில் மேலே `Hello` என்ற ஒற்றைச் சொல், அதற்கு இரண்டு டிக். கீழே எங்கள் செயலி தானாக அனுப்பிய ஆங்கில வரவேற்பு. அதற்கும் கீழே மறுநாள் அவர் அனுப்பிய நான்கு செய்திகள்: ஒரு குரல் பதிவு, மருத்துவமனை சீட்டின் படம், ரயில் டிக்கெட்டின் படம், மறுபடி `Hello`. நான்குக்கும் ஒற்றை டிக். எங்கள் எண்ணுக்கு இருந்த படமும் அவர் திரையில் காணாமல் போயிருந்தது.

ஒற்றை டிக் என்றால் செய்தி எதிர்ப்பக்கம் சேரவில்லை. போன் அணைந்திருந்தாலும் அப்படித்தான் தெரியும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் எங்கள் போன் அந்த நாட்களில் முழுக்க இயங்கிக்கொண்டிருந்தது. தடைப்பட்டியலைத் திறந்து பார்த்தோம். +880 என்று தொடங்கும் அவர் எண் அதில் இருந்தது.

அம்மாவையும் மகனையும் அன்றே உள்ளே சேர்த்துவிட்டோம். அவர் அனுப்பிய அந்த நான்கு செய்திகளும் தடையை நீக்கிய பிறகும் எங்களுக்கு வரவே இல்லை. தடையில் இருக்கும்போது அனுப்பியவை பிறகு வந்து சேராது. அவர் வாசலுக்கு வராமல் ஊர் திரும்பியிருந்தால் எங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. இன்னும் எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்ற கேள்விதான் என்னை உட்கார வைத்தது.

தடைப்பட்டியலில் பார்த்தவை

உரையாடல்களை அழித்துவிட்டதால் எண்கள் மட்டும்தான் மிச்சம். +84, +62 எண்கள் இருந்தன, எதிர்பார்த்தபடி. +880 எண்கள் பல. +971 ஒன்றிரண்டு, +60 சில. மே மாதத்து ஸ்பேம் பட்டியலில் மலேசியாவின் +60 இருந்தது உண்மைதான். ஆனால் மலேசியாவிலும் வளைகுடாவிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பாவுக்கு அடையாறில் சிகிச்சை என்றால் இடம் தேடுவது அங்கிருக்கும் மகனோ மருமகளோதான். மீதி எல்லாம் +91.

அழிக்காமல் விட்ட உரையாடல்களையும் மூன்று பேரோடும் உட்கார்ந்து படித்தேன். மெய்யான ஆள் என்று பின்னால் உறுதியானவர்களின் முதல் செய்தியையும், ஸ்பேம் என்று உறுதியானவற்றின் முதல் செய்தியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் `Hi`. இதற்கு மூன்று காரணங்கள் கிடைத்தன.

முதலாவது, மக்கள் `Hi` மட்டும் அனுப்பப் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். அதே 2023 மே மாதம் சென்னை மெட்ரோ வாட்ஸ்அப்பில் டிக்கெட் கொடுக்கத் தொடங்கியது. அந்த எண்ணுக்கு `Hi` அனுப்பினால் மெனு வரும். கேஸ் புக்கிங், வங்கி என்று பல சேவைகளும் இதே மாதிரிதான். வாட்ஸ்அப்பில் ஒரு நிறுவனத்தோடு பேச வேண்டுமென்றால் முதலில் `Hi` போட்டுவிட்டு மெனுவுக்குக் காத்திருக்க வேண்டும் என்றுதான் ஒரு சாதாரண ஆள் நினைப்பார். அவர் பேசாமல் நிற்பதற்குக் காரணம் அதுதான். எங்கள் தரப்பில் அதைப் பார்த்தவர்களுக்கு அது தானியங்கி ஸ்பேம் மாதிரி தெரிந்தது.

இரண்டாவது, எங்கள் தானியங்கி வரவேற்பு. செயலியில் ஏற்கெனவே இருக்கிற வாசகத்தை யாரும் மாற்றவில்லை. தொடர்புகொண்டதற்கு நன்றி, எப்படி உதவலாம் என்று சொல்லுங்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. ஆங்கிலம் தெரியாதவருக்கு அது நாளை கூப்பிடுவார்கள் என்று அர்த்தமாகியிருக்கலாம், ஒன்றுமே அர்த்தமாகாமலும் இருக்கலாம். அவர் காத்திருப்பார். மறுநாள் முறைக்கு வருகிறவர், வணக்கத்துக்குப் பிறகு எதுவும் இல்லாததைப் பார்த்து பிளாக் செய்வார்.

மூன்றாவதுதான் எல்லாரையும் அதிர வைத்தது. ஒரே வாசகம் பல எண்களிலிருந்து வந்தால் ஸ்பேம் என்ற விதியில் அதிகம் மாட்டிய வாசகம் `Hello, I need a room`. எழுத்துக்கு எழுத்து, கமா உட்பட ஒரே மாதிரி. அது எங்கிருந்து வந்தது என்று தேடியபோது மாணவர் தன் பழைய ஃபைலைத் திறந்தார். நோட்டீஸில் அச்சிட்ட க்யூஆர் கோடுக்கு அவர் கொடுத்த இணைப்பு இது:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Hello%2C%20I%20need%20a%20room
```

கோடை ஸ்கேன் செய்கிற ஒவ்வொருவருக்கும் பெட்டியில் அந்த வரி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அனுப்பு பொத்தானை அழுத்தினால் போதும். தட்டச்சு தெரியாதவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்தது. நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் தடுக்கும் வழக்கம் வந்தது, இரண்டையும் யாரும் இணைத்துப் பார்க்கவில்லை. முகநூல் விளம்பரத்தைத் தட்டி வாட்ஸ்அப்புக்கு வருகிறவர்களுக்கும் இப்படித்தான் ஒரு தயார் வாசகம் வரும். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் பார்க்க வேண்டியது நம்முடைய சொந்த இணைப்புகளைத்தான்.

வித்தியாசம் தெரிந்த இடம்

இரண்டாவது செய்தியில்தான் பிரிவு தெரிந்தது. நாங்கள் ஏதாவது கேட்ட பிறகு என்ன வந்தது என்று பார்த்தோம். தானாக அனுப்பப்படுகிற செய்தி நாம் கேட்டதைத் தொடாது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால் `I am HR manager` என்று வரும். நாம் எதுவும் கேட்காவிட்டாலும் அதேதான் வரும். மெய்யான ஆள் அரைகுறையாகவாவது பதில் சொல்வார். `adyar` என்று ஒற்றைச் சொல், அல்லது வங்காளியில் நீளமான குரல் பதிவு, அல்லது சீட்டின் படம், இல்லையென்றால் ஒரு மிஸ்டு கால். எழுத்துப்பிழை இருக்கும், கேட்ட மூன்றில் ஒன்றுக்குத்தான் பதில் இருக்கும். ஆனால் அது கேட்ட கேள்விக்கான பதிலாக இருக்கும்.

நடுவில் ஒரு வகை உண்டு. `Is this Anita?` என்று தொடங்கிய ஒரு உரையாடலில் குடும்பத் தலைவி, "இது நோயாளிகள் விடுதி, உங்களுக்கு அறை வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். நம்பர் மாறிவிட்டது, மன்னியுங்கள், நீங்கள் மிகவும் அன்பானவர் போலிருக்கிறீர்கள், எந்த ஊர், என்ன வேலை என்று ஆங்கிலத்தில் பதில். இது கேள்வியைத் தொட்டது. பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கலாம். முதல் வணக்கத்தை மென்பொருள் ஆயிரம் பேருக்கு அனுப்பும், பதில் சொன்னவர்களை மட்டும் ஆள் பார்த்துக்கொள்வார். இந்த வகையில் மனிதரா இயந்திரமா என்று தேடுவது வீண். பேச்சு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். அறை வேண்டியவர் அறையைப் பற்றியே பேசுவார். இவர் உங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவார், பிறகு முதலீடு பற்றி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் வணக்கத்துக்கு யாரையும் பிளாக் செய்வதில்லை, எந்த நாட்டு எண்ணாக இருந்தாலும். வரவேற்பு வாசகத்தை மாற்றினோம். தமிழ், வங்காளி, இந்தி, ஆங்கிலம் நான்கிலும் ஒரே செய்தி. தமிழ்ப் பகுதி இது:

"வணக்கம். இது நோயாளிகள் தங்கும் விடுதி. எந்த ஆஸ்பத்திரி? நோயாளி எந்த ஊர்? என்றைக்கு வருகிறீர்கள்? எழுத முடியாவிட்டால் பேசி அனுப்புங்கள்."

1 அழுத்தவும், 2 அழுத்தவும் என்று மெனு வைக்கலாம் என்று மாணவர் சொன்னார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். `1` என்ற பதிலை எதுவும் அனுப்ப முடியும், அதிலிருந்து நமக்கு ஒன்றும் தெரியாது. ஊர் பெயரைச் சொல்வது சிகிச்சைக்கு வருகிறவருக்கு ஒரு நொடி வேலை, பொதுவாக எல்லாருக்கும் அனுப்புகிற ஸ்கிரிப்டிடம் அந்தப் பதில் இருக்காது.

செயலியின் தானியங்கி வரவேற்பு, ஒருவர் முதல் தடவை எழுதும்போதோ 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதும்போதோதான் போகும். போன வாரம் `Hi` போட்டவர் இன்றைக்கும் `Hi` போட்டால் போகாது. அந்த இடத்தை நிரப்ப அதே வாசகத்தை `/room` என்ற விரைவு பதிலாக வைத்துக்கொண்டோம். சாய்வுக்கோடு போட்டு அந்தச் சொல்லைத் தட்டினால் முழு வாசகமும் வந்துவிடும்.

பதில் வராத எண்களுக்கு ஒரு லேபிள். மறுநாள் காலை ஒரே ஒரு தடவை குரல் அழைப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர், பக்கத்து வீட்டுப் போனில் அனுப்பியவர் இருவரையும் பிடிக்க வேறு வழியில்லை. அதற்கும் பதில் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுவது. பிளாக் தேவையில்லை, அமைதியாக இருக்கும் எண்ணால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

பேச்சு வேலை, முதலீடு, இணைப்பு என்று திரும்பினால் புகாரோடு சேர்த்து பிளாக். புகார் செய்தால் அந்த எண் நமக்குக் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் வாட்ஸ்அப்புக்குப் போகும். வெறும் `Hi`க்குப் புகார் செய்தால் அவர்களிடம் போவது அந்த `Hi` மட்டும்தான். இரண்டாவது செய்திவரை காத்திருந்தால் புகாரிலும் சரக்கு இருக்கும். யாராவது ஆறு இலக்க எண் வந்திருக்கும், அனுப்புங்கள் என்று கேட்டால், தெரிந்த எண்ணாக இருந்தாலும் கொடுக்கக் கூடாது என்று போனின் பின்புறம் ஒட்டி வைத்தோம். அது கணக்கையே பறிக்கிற வழி. இரட்டைச் சரிபார்ப்பு பின் எண்ணையும் அன்றே போட்டோம்.

எதிர்ப்பு

குடும்பத் தலைவிக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. "சார், உங்களுக்கு வர்ற ஹலோ வேற, எனக்கு வர்ற ஹலோ வேற" என்றார். வணக்கத்துக்குப் பதில் போட்ட சில நொடியில் ஆபாசப் படமும் வீடியோ அழைப்பும் வந்த அனுபவம் அவருக்கு உண்டு. எல்லாருக்கும் பதில் போடு என்ற விதி அவர் மீதுதான் அதிக சுமையை வைக்கிறது. அவர் சொன்னது முழுக்க நியாயம்.

அதனால் மூன்று விஷயங்களைச் சேர்த்தோம். முதல் கேள்வியைச் செயலியே கேட்கும், அவர் கை படத் தேவையில்லை. படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டோம். வீடியோ அழைப்பை யாரும் எடுப்பதில்லை, அத்துமீறல் தெரிந்த அந்த நொடியே பிளாக், யாரிடமும் கேட்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற அதிகாரி இன்னொரு சந்தேகம் எழுப்பினார். பதில் போட்டால் இந்த எண் உயிரோடு இருக்கிறது என்று ஸ்பேம் அனுப்புகிறவருக்குத் தெரிந்துவிடுமே? தெரியும்தான். சுவரில் ஒட்டிய எண் என்பதால் அந்த விலையை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். சொந்த எண் வைத்திருக்கும் ஒருவர் அப்படிச் செய்யக் கூடாது. அவரிடம் அறை கேட்டு யாரும் வரப்போவதில்லை, தெரியாத `Hi`க்குப் பதில் சொல்லாமல் இருப்பதே அவருக்கு நல்லது.

பிறகு நடந்தது

தடைப்பட்டியலில் இருந்த +880, +971, +60, +91 எண்களைத் திறந்து, மன்னிப்போடு புதிய வாசகத்தை அனுப்பினோம். பெரும்பாலானவற்றிலிருந்து ஒன்றும் வரவில்லை. சிலர் வேறு இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒருவர் தன் தம்பி இறந்துவிட்டதாக எழுதியிருந்தார். அதற்கு அதிகாரி தானே போன் செய்து பேசினார்.

புதிய முறை வந்த பிறகு +971 எண்ணிலிருந்து ஒரு `Hi`. படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட இளம்பெண். பழைய வழக்கத்தில் ஒரு நிமிடம்கூடத் தாங்கியிருக்காது. எங்கள் வரவேற்பைப் பார்த்துவிட்டுத் தமிழில் ஒரு குரல் பதிவு அனுப்பினார்: கடலூரில் இருக்கும் மாமாவுக்கு வாயில் புண், திங்கட்கிழமை அடையாறு வரச் சொல்லியிருக்கிறார்கள், ரெண்டு பேருக்கு இடம் கிடைக்குமா அக்கா? கிடைத்தது.

முறையை ஏமாற்றியவரும் உண்டு. ஆஸ்பத்திரி, ஊர், தேதி மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்ன ஒருவர், வந்த பிறகு பார்த்தால் லாட்ஜ் தரகர். இலவச இடத்தை வாங்கி நோயாளிகளிடம் காசுக்குக் கொடுக்கப் பார்த்தார். கேள்வி அவரைத் தடுக்கவில்லை, தடுத்திருக்கவும் முடியாது. வாசலில் மருத்துவமனை சீட்டைப் பார்த்தபோது பிடிபட்டார். முன்கூட்டியே சீட்டின் படத்தைக் கேட்கலாமா என்று பேசினோம். நோயாளியின் விவரங்கள் மூன்று பேர் கைமாறும் போனில் சேர்வது சரியல்ல என்று விட்டுவிட்டோம். சோதனை வாசலிலேயே நடக்கட்டும்.

வேலை கூடியது உண்மை. லேபிள் போட்ட எண்களைக் காலையில் அழைக்க அரை மணி நேரம் போகிறது.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

க்யூஆர் கோடை மாற்றி அச்சிட்டோம். முன்கூட்டியே எழுதிய வரியில் இப்போது ஆஸ்பத்திரி, ஊர், தேதி என்று மூன்று காலி இடங்கள் உள்ளன. சிலர் நிரப்பாமலே அனுப்புகிறார்கள். ஆனாலும் அது எங்கள் நோட்டீஸிலிருந்து வந்தது என்று பார்த்த உடனே தெரிகிறது.

பிளாக் செய்யும்போது உரையாடலை அழிப்பதை நிறுத்தியாயிற்று, அப்போதுதான் பின்னால் திரும்பிப் பார்க்க ஏதாவது இருக்கும். மாதம் ஒருமுறை தடைப்பட்டியலை, பிளாக் செய்தவர் அல்லாத இன்னொருவர் பார்க்கிறார். 2024 மார்ச்சில் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சந்தேகமான அழைப்பு, செய்திகளைப் புகார் செய்ய சக்ஷு என்ற பகுதி வந்த பிறகு, மோசடி முயற்சி என்று உறுதியானவற்றை அங்கேயும் பதிவு செய்கிறோம். பணமே போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் போனில் ஒட்டியிருக்கிறோம்.

இரவல் போனில் வருகிறவர்களின் பிரச்சினை மட்டும் தீரவில்லை. காலையில் அழைத்தால் போனின் சொந்தக்காரர் எடுத்து, யார் `Hi` போட்டார்கள் என்று தனக்குத் தெரியாது என்கிறார். இப்போதைக்கு அவரிடம் விடுதியின் பெயரையும் எண்ணையும் சொல்லி, வீட்டில் அக்கம்பக்கத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்கச் சொல்லியிருக்கிறோம்.